ஒரு செமஸ்டர் விடுப்பு, ஒரு வருடக் கணக்கு

கேள்வி: ஐயா, என் மகன் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறான். நாலு செமஸ்டரிலும் அரியர் கிடையாது, சி.ஜி.பி.ஏ. 8.7. ஐந்தாவது செமஸ்டரில் 31 நாள்தான் வகுப்புக்குப் போனான். விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஓடினால், பத்து நாளாகச் சரியான சாப்பாடு, தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறான். தீவிர மனச்சோர்வு என்கிறார் மனநல மருத்துவர். மருந்து தொடங்கியாயிற்று. மூன்று நான்கு மாதமாவது வீட்டில் இருக்கட்டும் என்கிறார். இந்த ஒரு செமஸ்டர் மட்டும் விடுப்பு எடுத்துவிட்டு ஜனவரியில் ஆறாவது செமஸ்டரில் சேர முடியுமா? டைபாய்டு என்று சர்டிபிகேட் வாங்கச் சொல்கிறார் என் மைத்துனர். விடுதிக் காப்பாளரோ, டி.சி. வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருடம் வாருங்கள் என்கிறார். வங்கிக் கடன் வேறு இருக்கிறது. என்ன செய்வது? (திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பனார்)

பதில்: முதலில் ஒன்று, ஐயா. டி.சி. வாங்காதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இந்தக் காகிதங்களைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: காப்பாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அறை காலியானால் போதும். ஆனால் டி.சி. கைக்கு வந்தால் உங்கள் மகன் படிப்பை விட்டவன் என்று ஆகிவிடும். மறுபடி உள்ளே வருவது அப்புறம் அவன் உரிமையல்ல, அவர்கள் தயவு. நீங்கள் கேட்க வேண்டியதற்குப் பெயர் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’. அதில் பையனின் பெயர் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கும், பதிவு எண் மாறாது, இடம் அவனுடையதாகவே இருக்கும். விடுதி அறையைக் காலி செய்வது வேறு, கல்லூரியை விட்டுப் போவது வேறு. அறையை மட்டும் எழுதிக் கொடுத்துக் காலி செய்து, முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்க விரும்பாத பதில். ஜனவரியில் ஆறாவது செமஸ்டரில் உட்கார முடியாது. ஐந்தாவதை முடிக்காமல் ஆறாவதுக்குப் போக விதி இடம் தராது. ஐந்தாவது செமஸ்டர் பாடங்களோ இணைப்புக் கல்லூரிகளில் ஜூலையை ஒட்டித் தொடங்கும் பருவத்தில்தான் நடக்கின்றன, ஜனவரியில் அந்த வகுப்பே இருக்காது. ஆகவே ஒரு செமஸ்டர் விடுப்பு என்று எழுதினாலும், அவன் திரும்புவது அடுத்த கல்வியாண்டில், தன் ஜூனியர்களோடு, அதே ஐந்தாவது செமஸ்டருக்கு. இப்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜனவரி என்று பையனிடம் சொல்லி வைத்து, டிசம்பரில் இல்லை என்று கேட்டு இடிந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சில தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் வேறு ஏற்பாடு இருக்கும். உங்கள் மகன் படிப்பது அந்த வகையல்ல.

அப்படியானால் விடுப்பே எதற்கு, போகாமல் இருந்தாலும் அடுத்த வருடம்தானே என்று தோன்றும். நியாயமான சந்தேகம். அதற்கு வருகைப்பதிவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். கிட்டத்தட்ட 19 நாள் வரை விடுபட்டால் தாங்கும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்து, காரணம் மருத்துவமாக இருந்தால், சர்டிபிகேட்டை முதல்வர் சான்றளித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பித் தேர்வு எழுத வைக்கலாம். இதைத்தான் ஆபீஸில் ‘கண்டனேஷன்’ என்பார்கள். அதில் விடுபடக்கூடிய எல்லை 26 நாள். உங்கள் மகன் போனது 31 நாள், அதாவது 41 சதவீதம். 65-ஐத் தொட இன்னும் 18 நாள் வர வேண்டும். மருத்துவர் மூன்று மாதம் என்கிறார். எனவே அந்தக் கதவு மூடிவிட்டது. எந்தத் துறைத் தலைவராவது ‘பார்த்துக்கலாம், மெடிக்கல் கொடுங்கள்’ என்றால் நம்பிக் காத்திருக்காதீர்கள். தேர்விலிருந்து விலகல் கேட்கிற வழியும் ஒன்று உண்டு. தேர்வுக்கு முன் எழுதிக் கொடுத்தால் அந்தத் தேர்வு எழுதியதாகவே கணக்கில் வராது. ஆனால் அது வருகை போதுமான அளவு இருக்கிறவனுக்கு மட்டும். இடையில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு ஏற்பட்ட விதி அது.

மிச்சம் இரண்டுதான். ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால் செமஸ்டர் முடிவில் வருகைக் குறைவு என்று நிறுத்தி வைப்பார்கள். மாணவர் பாஷையில் ‘டீட்டெயின்’. இல்லையென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி வாங்கிய பிரேக். இரண்டிலும் போகிற காலம் ஒன்றே, திரும்பும் மாதமும் ஒன்றே. பதிவில்தான் வித்தியாசம். வருகைக் குறைவால் தடுக்கப்பட்ட மாணவனுக்கு டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு கிடையாது. 8.5-க்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு அரியரும் இல்லாமல் வருகிற உங்கள் மகனுக்கு அது கையில் இருக்கிற பொருள். அனுமதி பெற்ற பிரேக் என்றால் அந்தத் தகுதி அப்படியே நிற்கும். நான்கு வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்குள், எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியில் முடித்தால் போதும் என்கிறது விதி. தடுத்து வைத்த பிறகு ஓடி வந்து, இதைப் பிரேக்காக மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் மாற்ற வழியில்லை. விதியிலேயே அது பிரேக் ஆகாது என்று எழுதியிருக்கிறது.

அதனால் தேதிதான் எல்லாம். அந்தச் செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நவம்பர்–டிசம்பர் தேர்வுக்கான பதிவு அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். இந்த வருடத் தேதி எதுவென்று நாளைக்கே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். கல்லூரி வழக்கம்போல எல்லாருக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் கட்டி, உங்கள் மகன் பெயரையும் ஏற்றிவிடக் கூடாது. எழுதாமல் விட்டுவிட்டு, அப்புறம் அதைச் சரிசெய்ய அலைந்தவர்கள் உண்டு. ‘இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டாம்’ என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் போகும் இடம் பல்கலைக்கழகத்தின் கல்விப் பாடப்பிரிவு மையம். அதன் இயக்குநருக்கு, கல்லூரி முதல்வர் வழியாக. எழுதுவது ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட வேண்டியவன் மாணவன். நீங்கள் கீழே பெற்றோராக ஒப்பமிடலாம். உருக்கம் எதுவும் வேண்டாம், ஒரு பக்கம் தாண்டவும் வேண்டாம். பொருள் இப்படி இருந்தால் போதும்:

“நான் இன்ன பதிவு எண் கொண்ட, இயந்திரவியல் ஐந்தாம் செமஸ்டர் மாணவன். இன்ன தேதி முதல் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன். வகுப்புகளுக்கு வரும் நிலையில் இல்லை என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளித்துள்ளார்; சான்று இணைப்பில் உள்ளது. ஆகவே இந்தச் செமஸ்டரிலிருந்து பிரேக் ஆஃப் ஸ்டடி வழங்கி, அடுத்த கல்வியாண்டில் ஐந்தாம் செமஸ்டரில் மீண்டும் சேர அனுமதிக்கக் கேட்கிறேன். இதற்கு முன் நான் பிரேக் ஆஃப் ஸ்டடி பெற்றதில்லை. இந்தத் தேர்வுக்கு என் பெயரைப் பதிவு செய்ய வேண்டாம்.”

‘இதற்கு முன் பெற்றதில்லை’ என்ற வரியை விடாதீர்கள். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் இது கிடைக்கும். கோப்பைப் பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்துப் போய், தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடைசித் தேதிக்குள் கொடுத்தீர்களா என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், கையிலிருக்கும் அந்த முத்திரைதான் பேசும்.

இப்போது மைத்துனர் சொன்ன டைபாய்டு. அவர் எண்ணம் புரிகிறது. வருங்காலத்தில் வேலை, கல்யாணம் என்று நினைத்திருப்பார். ஆனால் இதில் மானத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டைபாய்டுக்கு யாரும் நான்கு மாதம் ஓய்வு எழுத மாட்டார்கள். எழுதினால் பார்க்கிறவருக்கே சந்தேகம் வரும். அதைவிட முக்கியம், அடுத்த ஜூனில் திரும்பும்போது ‘படிக்கத் தகுதியாக இருக்கிறான்’ என்று ஒரு சான்று கேட்பார்கள். டைபாய்டு எழுதியவர் ஒருவர், தகுதிச் சான்று தருகிற மனநல மருத்துவர் இன்னொருவர் என்றால் இரண்டு காகிதமும் ஒன்றை ஒன்று பொய்யாக்கும். போன வருடக் காகிதத்துக்கும் இந்த வருடக் காகிதத்துக்கும் ஒரே மருத்துவர் கையெழுத்து இருந்தால் கோப்பு சத்தமில்லாமல் நகரும்.

உண்மையை மறைக்காமலே அந்தரங்கத்தைக் காக்கலாம், ஐயா. சான்றில் வேண்டியது இவ்வளவுதான்: மருத்துவர் பெயர், பதிவு எண், பையனின் ஓ.பி. எண், எந்தத் தேதியிலிருந்து பார்க்கிறார், எதுவரை வகுப்புக்குச் செல்ல இயலாது என்று கருதுகிறார், மறுபரிசோதனை எப்போது. ‘என் சிகிச்சையில் இருக்கிறார், வகுப்புகளுக்குச் செல்லும் நிலையில் இல்லை’ என்று மருத்துவர் எழுதினால் பெரும்பாலும் போதும். நோயின் பெயரைக் கேட்டால் முதல்வருக்கு மட்டும் மூடிய உறையில் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் மனநலச் சிகிச்சை விவரங்களை அந்தரங்கமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. என்ன மருந்து, ஏன் வந்தது, விடுதியில் என்ன நடந்தது என்பதெல்லாம் கோப்பில் ஏற வேண்டியதில்லை. துறை வாட்ஸப் குழுவில் வகுப்பு ஆசிரியர் எழுதும் ஒரு வரிதான் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துகிறது. ‘மருத்துவ விடுப்பு’ என்பதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம் என்று அவரிடம் தனியே சொல்லி வையுங்கள்.

தேதிகளில் கவனமாக இருங்கள். பையன் கடைசியாக வகுப்பில் இருந்த நாளும், சான்றில் சிகிச்சை தொடங்கிய நாளும் பொருந்த வேண்டும். ‘நான்கு மாதம் ஓய்வு’ என்று மொட்டையாக இல்லாமல், தொடக்கத் தேதியும் உத்தேச முடிவுத் தேதியும் இருக்கட்டும். மருத்துவர் டிசம்பர் வரை என்றுதானே சொல்கிறார், நாம் ஜூன் வரை கேட்கிறோமே என்று பயப்பட வேண்டாம். பாடம் அடுத்த வருடம்தான் நடக்கும் என்பது பல்கலைக்கழகத்துக்கே தெரியும்.

அனுமதி ஆணை வந்ததும் நாலு பிரதி எடுத்து வையுங்கள். இனி திரும்பும் கதை, இதில்தான் பலர் வழுக்குவது.

ஆணை இருக்கிறது என்பதற்காக ஜூலையில் நேராக வகுப்பில் போய் உட்கார முடியாது. மறுபடி சேர்வதற்கு ஒரு விண்ணப்பம், அதுவும் கல்லூரி வழியாக, அந்தச் செமஸ்டர் தொடங்கும்போதே போக வேண்டும். நான் என்றால் ஏப்ரலிலேயே ஆபீஸுக்குப் போய் படிவம் கேட்டுவிடுவேன். கூட இணைப்பவை: பிரேக் ஆணையின் நகல், முந்தைய செமஸ்டர் மதிப்பெண் சான்றுகள், மருத்துவரின் தகுதிச் சான்று, கட்டண ரசீது. மறுசேர்க்கை ஆணை வராமல் ஒரு மாதம் வகுப்பில் உட்கார்ந்து, பெயர் பட்டியலில் இல்லாததால் அத்தனை நாள் வருகையும் ஏறாமல் போன மாணவி ஒருத்தி எங்கள் கல்லூரியில் இருந்தாள். நோயால் ஒரு வருடம் போனது. இரண்டாவது முறை வருகைக் குறைவு வந்தது காகிதத்தால்.

தகுதிச் சான்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மருந்தை நிறுத்தினால்தான் சான்று கிடைக்கும் என்று நினைத்து, மே மாதத்தில் பெற்றோரே மாத்திரையைக் குறைக்கிறார்கள். செய்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்தை, நன்றாகத் தேறிய பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வதுதான் வழக்கம். ஜூனில் உங்கள் மகன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அது அவன் படிக்கத் தகுதியில்லை என்பதற்கு அடையாளமல்ல. ‘முழுநேர வகுப்புக்குச் செல்லத் தகுதியாக இருக்கிறார், மாதம் ஒரு முறை மறுபரிசோதனைக்கு வர வேண்டும்’ என்று மருத்துவர் எழுதினால் அதுவே சரியான சான்று. அந்த இரண்டாவது வரி பின்னால் உதவும். மாதத்தில் ஒரு நாள் திண்டுக்கல்லுக்கு வந்து போவதற்கு அதைக் காட்டி முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

கல்லூரி சில சமயம் தன் பங்குக்கு நிபந்தனைகள் வைக்கும். பெற்றோரிடம் உறுதிமொழி கேட்பார்கள், கல்லூரி ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். அவை பரவாயில்லை. ‘பையனுக்கு எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கினால் மட்டும் அப்படியே கையெழுத்துப் போடாமல், ‘மருந்தையும் பரிசோதனையையும் குடும்பம் கவனித்துக்கொள்ளும்’ என்று மாற்றி எழுதித் தாருங்கள். விடுதியில் இடம் தருவது தனி முடிவு. விடுதி இல்லையென்று சொன்னாலும் படிப்பில் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் பிரித்துக் கேளுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் செமஸ்டரை விடுதிக்குப் பதிலாகக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில், அம்மாவோ பாட்டியோ கூட இருந்து கடப்பது நல்லது. வாடகை கடினம்தான், தெரியும்.

இன்னொரு நிபந்தனை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்: திரும்பி வருகிறவனுக்கு, வருகிற நேரத்தில் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்ட விதிதான் பொருந்தும். நான் ஆபீஸில் இருந்தபோது 2020-இல் சேர்ந்த ஒரு பையன் 2017 விதியில் படித்தான். மூன்றாம் ஆண்டில் காலில் பெரிய முறிவு, பிரேக் எடுத்தான். 2023-இல் திரும்பியபோது கூட உட்கார்ந்திருந்தவர்கள் 2021-இல் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு 2021 விதி. ஜூனியர்கள் இரண்டாம் ஆண்டிலேயே படித்து முடித்திருந்த சில பாடங்கள் இவனுக்குப் புதிது. இவன் முன்பே முடித்தவை சில அங்கே மறுபடி வந்தன. எது சமம், எதைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம்தான் குறித்துத் தர வேண்டும். அந்தப் பட்டியலைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கியதால் பிழைத்தான். கேட்காமல் விட்டிருந்தால் எட்டாவது செமஸ்டரில் ‘இரண்டு பாடம் பாக்கி’ என்று பட்டம் நின்றிருக்கும். உங்கள் மகனின் ஜூனியர்களுக்கு எந்த விதி என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரே விதியாக இருந்தால் இந்தத் தலைவலி கிடையாது.

வருடக் கணக்கையும் பையனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டத்துக்கு அதிகபட்சம் ஏழு வருடம். பிரேக் எடுத்த வருடமும் அதற்குள்தான். முதல் வகுப்புக்கான ஐந்து வருடத்திலும் அது அடங்கிவிடுகிறது. மற்ற பிள்ளைகளுக்கு நாலு வருடம் முடிந்தபின் விட்டதைப் பிடிக்க ஒரு வருடம் கையில் இருக்கும். உங்கள் மகனுக்கு அந்த வருடம் செலவாகிவிட்டது. எதிர்காலத்தில் ஒரு அரியர் விழுந்தால் எட்டாவது செமஸ்டருக்குள் எழுதி முடித்தாக வேண்டும். இது பயமுறுத்த அல்ல. திரும்பிய உடனே இரண்டு மூன்று கூடுதல் சான்றிதழ்ப் படிப்புகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க.

வங்கிக்கு ஆணை வந்த அதே வாரம் போங்கள். கல்விக் கடனில் தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. வங்கியின் கணினியில் படிப்பு முடியும் தேதி பழைய தேதியாகவே கிடந்தால், பையன் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு வருடம் ஓடத் தொடங்கிவிடும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், படிப்பைக் குறித்த காலத்தில் முடிக்க முடியாவிட்டால் இரண்டு வருடம் வரை நீட்டித்துத் தர இடம் இருக்கிறது. ஆணையின் நகலை இணைத்து, படிப்பு முடியும் தேதியை மாற்றித் தரக் கேட்டு எழுத்தில் கொடுங்கள்; வீட்டில் இருக்கிற வருடத்துக்கான கட்டணத் தவணையை விடுவிக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஏற்கெனவே கட்டிய இந்தச் செமஸ்டர் கட்டணத்தை அடுத்த வருடத்துக்கு ஈடு செய்வார்களா என்பது கல்லூரியைப் பொறுத்தது. வாய்வார்த்தையாகச் சரி என்றால் அதை ரசீதின் பின்பக்கம் எழுதி முத்திரை வாங்குங்கள். முதல் பட்டதாரி சலுகையோ வேறு உதவித்தொகையோ வாங்குகிறான் என்றால், திரும்பப் படிக்கும் செமஸ்டருக்கும் அது வருமா என்று உதவித்தொகை எழுத்தரிடம் தனியாகக் கேளுங்கள்.

இத்தனையும் நீங்கள் அலையலாம். பையனை ஆபீஸுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை; வீட்டிலேயே கையெழுத்து வாங்கி, மறுசேர்க்கைக்கு மட்டும் நேரில் வரட்டும். இரவில் அவன் பேச்சோ நடத்தையோ கவலை தந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவனுடைய மருத்துவரையோ, எந்நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயோ அழையுங்கள். தேர்வுப் பதிவின் கடைசித் தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்து நாளுக்கும் குறைவாக இருந்தால், தபாலை நம்பாமல் கல்லூரி ஆளே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி முதல்வரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.